சான்றிதழ்களைப் பெற்றுக்கொள்ளத் தம்பிக்கு வழங்கும் அதிகாரமளிப்புக் கடிதம்

திருமதி நிரோஷினி கஜேந்திரன்,
தொடர்மாடி 1407, இலக்கம் 2907, எல்ஸ்மியர் வீதி,
ஸ்காபரோ, ரொறன்ரோ,
ஒன்ராறியோ, கனடா.
தொலைபேசி: 416-555-0143

2025.05.05

மேலதிக மாவட்டப் பதிவாளர்,
பிரதேச செயலகம்,
பட்டினமும் சூழலும்,
திருகோணமலை.

ஐயா / அம்மணி,

பிறப்பு, விவாக, இறப்புச் சான்றிதழ்களின் பிரதிகளைப் பெற எனது தம்பிக்கு அதிகாரமளித்தல்

திருகோணமலையில் பிறந்து தற்போது கனடாவில் நிரந்தரமாக வசிக்கும் நான், கீழே விபரிக்கப்பட்ட மூன்று பதிவுகளின் அத்தாட்சிப்படுத்திய பிரதிகளுக்கு என் சார்பில் விண்ணப்பிக்கவும், கட்டணம் செலுத்தவும், ஒப்பமிட்டு அவற்றைப் பெற்றுக்கொள்ளவும், எனது உடன்பிறந்த தம்பி சண்முகநாதன் நிதர்ஷன் என்பவருக்கு இக்கடிதத்தின் மூலம் அதிகாரமளிக்கிறேன். அவர் உவர்மலை, திருகோணமலையில் எங்கள் தாயாருடன் வசிக்கிறார். தேசிய அடையாள அட்டை இலக்கம் 199023401847. மூல அடையாள அட்டையுடன் அவரே நேரில் வருவார். இந்த அதிகாரத்தை அவர் வேறொருவருக்குக் கைமாற்ற முடியாது. அவர் வர இயலாத நாளில் நண்பர் எவரேனும் இக்கடிதத்துடன் வந்தால் தயவுசெய்து எதையும் கையளிக்க வேண்டாம்.

எனது பெயர் பற்றி முதலில் தெளிவுபடுத்த வேண்டியுள்ளது. பிறப்புப் பதிவில் நான் சண்முகநாதன் நிரோஷினி. விவாகத்தின் பின்னர் கணவரின் பெயரைச் சேர்த்து, கனேடியக் கடவுச்சீட்டில் நிரோஷினி கஜேந்திரன் என்றிருக்கிறேன். இரு பெயரும் ஒருவருடையவை என்பதற்கு இணைப்பு 3 இல் உள்ள விவாகச் சான்றிதழின் நிழற்பிரதி சான்று. எனது அடையாள அட்டை இலக்கம் பழைய முறையில் 865741283 வீ. புதிய முறையில் 198657401283. பழைய ஆவணங்களில் ஒன்றும் புதியவற்றில் மற்றொன்றும் காணப்பட்டால் அவற்றை இரு ஆட்களுடையவையாகக் கொள்ள வேண்டாம். ஆண்டின் முன் 19 உம் தொடரிலக்கத்தின் முன் பூச்சியமும் சேர்ந்ததைத் தவிர மற்ற இலக்கங்கள் மாறவில்லை. இக்கடிதம் பல கைகளுக்குப் போகக்கூடியது என்பதால் கடவுச்சீட்டு இலக்கத்தை இதில் எழுதவில்லை. அதனை இணைப்பு 1 இல் பார்க்கலாம்.

பெறவேண்டிய பிரதிகள்

முதலாவது, எனது பிறப்புச் சான்றிதழ், மூன்று பிரதிகள். பிறந்த திகதி 1986.03.14, பிறந்த இடம் திருகோணமலை பொது வைத்தியசாலை, பதிவு செய்த திகதி 1986.03.27, பதிவு இலக்கம் 2417. தந்தை வைத்திலிங்கம் சண்முகநாதன், தாய் யோகேசுவரி. பதிவுப் புத்தகத்தின் எல்லாக் கூடுகளும் அடங்கிய முழுப் பிரதியே தேவை. பெயரும் திகதியும் மட்டும் கொண்ட சுருக்கப் பிரதியில் தாயின் பெயர் வராது; எனக்குத் தேவைப்படுவதே அந்தப் பெயர்தான். ஓரத்தில் ஏதேனும் திருத்தக் குறிப்பு இருப்பின் அதுவும் பிரதியில் இடம்பெற வேண்டும்.

இரண்டாவது, எனது விவாகச் சான்றிதழ், இரண்டு பிரதிகள். மணமகன் கனகரத்தினம் கஜேந்திரன், விவாகத் திகதி 2012.08.26, பதிவு இலக்கம் 138, பொது விவாகப் பதிவு.

மூன்றாவது, எனது தந்தை வைத்திலிங்கம் சண்முகநாதனின் இறப்புச் சான்றிதழ், இரண்டு பிரதிகள். இறந்த திகதி 2019.11.02, இடம் திருகோணமலை பொது வைத்தியசாலை, பதிவு இலக்கம் 4512.

இவை யாவும் தாயாரைக் கனடாவுக்கு அழைப்பதற்கான சூப்பர் விசா விண்ணப்பத்திற்காகவே கோரப்படுகின்றன. நான் அவருடைய மகள் என்பதைப் பிறப்புச் சான்றிதழும், கடவுச்சீட்டுப் பெயர் வேறுபட்டதன் காரணத்தை விவாகச் சான்றிதழும், தாயார் கணவரை இழந்தவர் என்பதை இறப்புச் சான்றிதழும் காட்டும். ஒன்று குறைந்தாலும் மற்ற இரண்டும் தனித்து நிற்காது. ஆகவே மூன்றும் ஒரே நாளில் கிடைக்காவிட்டால், கிடைத்தவற்றைத் தம்பியிடம் கொடுத்து, எஞ்சியதற்கு மீண்டும் வரவேண்டிய திகதியைப் பற்றுச்சீட்டில் குறித்துத் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

பதிவு இலக்கங்களை எங்களிடமுள்ள பழைய நிழற்பிரதிகளிலிருந்து எடுத்துள்ளேன். பிறப்புச் சான்றிதழின் பிரதியில் கடைசி இலக்கம் மங்கியுள்ளதால் 2417 என்பது 2411 ஆகவும் இருக்கக்கூடும். குறித்த இலக்கத்தில் எனது பெயர் இல்லையெனில், பதிவு செய்த திகதியை வைத்து அந்தப் புத்தகத்தில் முன்பின் பக்கங்களையும் பார்க்க வேண்டுகிறேன். அதன் பின்னும் கிடைக்காவிடில் தேடுதலுக்கு விண்ணப்பித்து அதற்குரிய மேலதிகக் கட்டணத்தைச் செலுத்தத் தம்பிக்கு அதிகாரமுண்டு. தேடியும் பதிவு இல்லையென்றால் அதனை எழுத்தில் உறுதிப்படுத்தும் கடிதத்தையும் அவர் பெற்றுக்கொள்ளலாம். ஆனால் காலம் தாழ்த்திய பதிவுக்கோ உத்தேச வயதுச் சான்றிதழுக்கோ அவர் என் சார்பில் விண்ணப்பிக்கக் கூடாது. முன்னைய பதிவு ஒன்று இருக்கும்போது புதிதாக இன்னொன்று உருவானால் ஒரே ஆளுக்கு இரண்டு பிறப்புப் பதிவுகளாகிவிடும். பிறகு அதைத் தீர்ப்பது நீண்ட வேலை.

எழுத்து வேறுபாடுகள் குறித்தும் இதையே சொல்ல விரும்புகிறேன். எனது பிறப்புப் பதிவில் தாயாரின் பெயர் யோகேசுவரி. அவரது அடையாள அட்டையில் யோகேஸ்வரி. பிரதியில் அடையாள அட்டையைப் பார்த்து மாற்றி எழுத வேண்டாம். புத்தகத்தில் உள்ளது உள்ளபடியே வரட்டும். வேறுபாட்டுக்கான சத்தியக்கடதாசியைத் தாயார் தனியாகத் தருவார். பதிவில் திருத்தம் கோரும் அதிகாரம் தம்பிக்கு வழங்கப்படவில்லை.

பிரதிகளைக் கையேற்கும்போது

கருமபீடத்தை விட்டு அகலுமுன் ஒவ்வொரு பிரதியையும் தம்பி உங்கள் முன்னிலையிலேயே சரிபார்ப்பார். அதற்குச் சில நிமிடங்கள் அனுமதிக்கவும். அவர் பார்ப்பது: பெயர்களின் எழுத்துகள், திகதிகள், பதிவு இலக்கம், வழங்கிய திகதி, உத்தியோகத்தரின் ஒப்பம், ஒப்பத்தின் கீழ் பெயரும் பதவியும் கொண்ட இறப்பர் முத்திரை, அலுவலக முத்திரை. கடைசி மூன்றும் எல்லாப் பிரதிகளிலும் தெளிவாக இருக்க வேண்டும். வெளிநாட்டலுவல்கள் அமைச்சின் கொன்சியூலர் பிரிவு ஆவணங்களை அத்தாட்சிப்படுத்துவது ஒப்பத்தையும் முத்திரையையும் ஒப்பிட்டுத்தான். மை தடவாத அரைகுறை முத்திரையோ, யாருடையது என்று தெரியாத ஒப்பமோ இருந்தால் அங்கிருந்து மீண்டும் உங்களிடமே வரவேண்டியிருக்கும். கையெழுத்துப் பிரதியாயின் ஒரு சொல்லை வெட்டி எழுதிய இடத்தில் உத்தியோகத்தரின் சிற்றொப்பம் இடுமாறும் வேண்டுகிறேன்.

பெற்ற பிரதிகளைத் தம்பி லெமினேட் செய்யவோ, துளையிடவோ, மடிக்கவோ மாட்டார். பிளாஸ்ரிக் உறை படிந்த தாளில் பின்னர் எந்த முத்திரையும் இட முடியாது. பிறப்புச் சான்றிதழின் ஒரு பிரதி சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடமும் ஒன்று கொன்சியூலர் பிரிவுக்கும் போகும். மூன்றாவது வீட்டில் இருக்கும். விவாக, இறப்புச் சான்றிதழ்களில் மொழிபெயர்க்கும் பிரதியே அத்தாட்சிக்கும் போகும்.

அதிகாரத்தின் எல்லை

இக்கடிதம் அற்றோணித் தத்துவம் அல்ல. மேற்குறித்த மூன்று பதிவுகளின் பிரதிகளுக்கு விண்ணப்பித்தல், தேவையெனில் தேடுதலுக்கு விண்ணப்பித்தல், கட்டணம் செலுத்தல், பிரதிகளையும் பற்றுச்சீட்டுகளையும் பெறல் ஆகியவற்றுக்கு மட்டுமே இது செல்லும். காணி, வங்கி, ஓய்வூதியம், நீதிமன்றம் தொடர்பான எந்த விடயத்திலும் இதனைப் பயன்படுத்த முடியாது. 2025.05.12 முதல் 2025.08.29 வரை இது செல்லுபடியாகும். பிரதிகள் எல்லாம் கையளிக்கப்பட்ட பின்னர் அந்த நாளிலேயே அதிகாரம் முடிவடையும். கோவைக்காக மூலக் கடிதத்தை நீங்கள் வைத்துக்கொள்ளலாம். தம்பியிடம் ஒரு நிழற்பிரதி போதும். திகதி முடியுமுன் நான் இதனை இரத்துச் செய்ய விரும்பினால் எழுத்தில் அறிவிப்பேன்.

ஐயம் ஏற்பட்டால் விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்புமுன் மேலேயுள்ள இலக்கத்திற்குத் தம்பியின் கைபேசியிலிருந்து வட்சப் அழைப்பு எடுக்கச் செய்யுங்கள். மே முதல் ஓகஸ்ட் வரை ரொறன்ரோ இலங்கையை விட ஒன்பதரை மணித்தியாலம் பின்தங்கியது. அங்கே காலை 8.30 எனில் இங்கே முந்திய நாள் இரவு 11.00. தம்பி வரும் நாட்களில் உங்கள் நேரப்படி காலை 10.30 வரை நான் விழித்திருப்பேன். வீடியோ அழைப்பில் முகத்தையும் கடவுச்சீட்டையும் காட்ட முடியும். எனவே காலை வேளையிலேயே இந்த விண்ணப்பத்தை எடுத்துப் பார்த்தால் பேருதவியாக இருக்கும். தம்பியின் தொலைபேசி இலக்கம் அவர் நிரப்பும் விண்ணப்பப் படிவங்களில் இருக்கும்.

கடவுச்சீட்டில் உள்ள அதே ஒப்பத்தையே கீழே, ரொறன்ரோவிலுள்ள இலங்கைத் துணைத் தூதரகத்தில், கொன்சியூலர் உத்தியோகத்தர் முன்னிலையில் இட்டுள்ளேன். அத்தாட்சி முத்திரை இக்கடிதத்தின் கடைசிப் பக்கத்தில் உள்ளது. மற்ற எல்லாப் பக்கங்களின் அடியிலும் எனது சிற்றொப்பம் உண்டு.

மேலே கூறியவை யாவும் உண்மையென உறுதிப்படுத்துகிறேன். இந்த எல்லைக்குள் தம்பி செய்பவை யாவும் நானே செய்தவையாகக் கொள்ளப்படும்.

இங்ஙனம்,
தங்கள் உண்மையுள்ள,

(ஒப்பம்)
நிரோஷினி கஜேந்திரன்
பிறப்புப் பதிவின்படி: சண்முகநாதன் நிரோஷினி

இணைப்புகள்

1. எனது கடவுச்சீட்டின் விபரப் பக்கம், துணைத் தூதரகம் அத்தாட்சிப்படுத்திய பிரதி
2. எனது பழைய பிறப்புச் சான்றிதழின் நிழற்பிரதி
3. விவாகச் சான்றிதழின் நிழற்பிரதி
4. தந்தையின் இறப்புச் சான்றிதழின் நிழற்பிரதி
5. தம்பியின் அடையாள அட்டை, இருபக்க நிழற்பிரதி
6. தம்பியின் பிறப்புச் சான்றிதழின் நிழற்பிரதி (எங்கள் இருவருக்கும் பெற்றோர் ஒருவரே என்பதைக் காட்ட)

அதிகாரம் பெற்றவரின் ஏற்பு

சண்முகநாதன் நிதர்ஷன் ஆகிய நான், எனது அக்கா வழங்கிய மேற்படி அதிகாரத்தை வாசித்து ஏற்றுக்கொள்கிறேன். குறிப்பிட்ட பிரதிகளை நேரில் வந்து பெறுவேன். அவற்றை வேறெந்தத் தேவைக்கும் பயன்படுத்த மாட்டேன். பெற்ற அன்றே ஒவ்வொன்றின் இருபக்கத்தையும் படமெடுத்து அக்காவுக்கு அனுப்பி, மூலப் பிரதிகளை அவர் சொல்லும்வரை தாயாரின் பொறுப்பில் வைத்திருப்பேன்.

(ஒப்பம்)
சண்முகநாதன் நிதர்ஷன்
திருகோணமலை, 2025.05.15