மாதிரி விடை: சந்திப்பை மாற்றக் கேட்டு ஒரு சிறு குறிப்பு (தொடக்க நிலை)

வினா

நீங்கள் ஓர் அலுவலகத்தின் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறீர்கள். உங்கள் பெயர் கவிதா. சரக்கிருப்பைப் பற்றிப் பேசக் கிடங்குப் பொறுப்பாளர் முருகேசனை வியாழக்கிழமை காலை 10 மணிக்குச் சந்திப்பதாக ஒப்புக்கொண்டிருக்கிறீர்கள். இப்போது போக முடியாத நிலை. அவருக்கு ஒரு குறிப்பு எழுதுங்கள். வருத்தம் தெரிவியுங்கள், காரணம் சொல்லுங்கள், வேறு நாளும் நேரமும் கேளுங்கள். சுமார் 50 சொற்கள்.

மாதிரி விடை

வணக்கம் சார்,

வியாழக்கிழமை காலை 10 மணிக்கு உங்களைச் சந்திப்பதாகச் சொல்லியிருந்தேன். அதே நேரத்தில் தணிக்கையாளர் வருவதாக இன்றுதான் தகவல் வந்தது. நான் உடனிருக்க வேண்டும். அதனால் வர இயலவில்லை, மன்னியுங்கள். வெள்ளிக்கிழமை பிற்பகல் 3 மணிக்குச் சந்திக்கலாமா? அந்த நேரம் ஒத்துவராவிட்டால் சனிக்கிழமை காலை 11 மணிக்கும் வர முடியும். சரக்கிருப்புப் பட்டியலை இன்று மாலைக்குள் அனுப்பிவிடுகிறேன். எது வசதி என்று ஒரு வரி எழுதினால் போதும்.

நன்றி,
கவிதா
கணக்குப் பிரிவு

விடையைப் பற்றி

பெயரையும் பிரிவையும் சேர்த்து 53 சொற்கள். "சுமார் 50" என்றால் இரண்டு மூன்று சொற்கள் கூடுவதோ குறைவதோ குற்றமில்லை. வினா கேட்ட மூன்றும் இருக்கின்றன. ஆனால் மூன்றுக்கும் சம இடம் தரப்படவில்லை என்பதைக் கவனியுங்கள். மன்னிப்புக்கு ஒரே ஒரு சொல். காரணத்துக்கு இரண்டு சிறிய வாக்கியங்கள். புதிய நேரத்துக்கு இரண்டு வாக்கியங்கள், பதில் கேட்க இன்னும் ஒன்று. முருகேசனுக்கு இந்தக் குறிப்பில் மிகவும் தேவையானது அடுத்து எப்போது சந்திப்பது என்பதுதான். அதற்குத்தான் அதிக இடம்.

முதல் வாக்கியம் பழைய நேரத்தை நினைவூட்டுகிறது. இது வீண் என்று பல மாணவர்கள் விட்டுவிடுகிறார்கள். முருகேசனுக்கு அந்த வாரத்தில் நாலைந்து சந்திப்புகள் இருக்கலாம். எது தள்ளிப்போகிறது என்று அவர் நாட்குறிப்பைப் புரட்டித் தேடும்படி வைக்கக் கூடாது.

காரணம் உண்மையாகவும் சுருக்கமாகவும் இருக்கிறது. தணிக்கையாளர் யார், எதற்காக வருகிறார், யார் தகவல் சொன்னார் என்பதெல்லாம் இங்கே வேண்டாம். "இன்றுதான்" என்ற ஒரு சொல் போதும்: முன்பே தெரிந்திருந்தும் கடைசி நேரம் வரை சொல்லாமல் இருந்துவிடவில்லை என்பது விளங்கிவிடும்.

"வர முடியாது" என்று எழுதாமல் "வர இயலவில்லை" என்று எழுதியிருக்கிறது. "வர முடியவில்லை" என்றாலும் சரியே. "முடியாது" என்பது மறுப்பாகக் காதில் விழும். மேலதிகாரிக்கு எழுதும்போது அது உறுத்தும். அதேபோல் "வெள்ளிக்கிழமை வரவும்", "பதில் அனுப்பவும்" என்பவை அறிவிப்புப் பலகைக்குப் பொருந்தும் வடிவங்கள். நேரத்தை மாற்றச் சொல்லிக் கேட்பவர் "சந்திக்கலாமா?" என்று கேட்டால்தான் முடிவு எதிராளியின் கையில் இருக்கும்.

"நாளை", "நாளை மறுநாள்" என்ற சொற்களை மட்டும் நம்பாதீர்கள். செவ்வாய் மாலை எழுதிய குறிப்பைப் புதன் காலையில் ஒருவர் படித்தால் "நாளை" வேறு நாளாகிவிடும். கிழமையைச் சொல்லுங்கள், வாரம் மாறுகிறதென்றால் தேதியையும் சேருங்கள். "3 மணி" என்று தனியாக விடாமல் "பிற்பகல்" சேர்ப்பதும் இதே அக்கறைதான்.

பட்டியலை அனுப்புவதாகச் சொன்ன வாக்கியம் வினாவில் கேட்கப்படாதது. அது இல்லாவிட்டாலும் முழு மதிப்பெண் உண்டு. ஆனாலும் இந்த விடையில் எனக்கு மிகவும் பிடித்த வாக்கியம் அதுதான். சந்திப்பு தள்ளிப்போனாலும் வேலை தள்ளிப்போகவில்லை என்று அது சொல்கிறது. நூறு முறை மன்னிப்புக் கேட்பதைவிட அது எதிராளிக்கு ஆறுதல் தரும்.

எழுத்துப்பிழை பற்றி ஒரே ஒரு குறிப்பு: "மணிக்குச் சந்திக்கலாமா" என்பதில் ச் தேவை. தொடக்க நிலையில் அது விட்டுப்போனால் பெரிதாக மதிப்பெண் குறையாது. நேரம் தவறாக இருந்தால்தான் குறையும்.

மதிப்பெண் குறைந்த ஒரு விடை

மதிப்பிற்குரிய ஐயா அவர்களுக்கு,

வணக்கம். நான் நலமாக இருக்கிறேன். தாங்களும் நலமாக இருப்பீர்கள் என நம்புகிறேன். தங்களைச் சந்திக்க வர முடியாததற்கு மிகவும் வருந்துகிறேன். என்னை மன்னிக்கவும். எதிர்பாராத சில வேலைகள் வந்துவிட்டன. இனி இப்படி நடக்காது என்று உறுதி கூறுகிறேன். மீண்டும் ஒருமுறை மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். விரைவில் வேறொரு நாளில் சந்திப்போம்.

இப்படிக்கு,
கவிதா

இதில் இலக்கணப் பிழை எதுவும் இல்லை. மரியாதைக்கும் குறைவில்லை. ஆனால் எந்தச் சந்திப்பு என்று எங்கும் சொல்லவில்லை. புதிய நாளும் இல்லை. இதைப் படித்த முருகேசன் உடனே தொலைபேசியை எடுத்துக் கவிதாவை அழைத்தாக வேண்டும். அப்படி அழைக்க வேண்டியிருந்தால் குறிப்பு எழுதிய பயன் என்ன? சுமார் 40 சொற்களில் மன்னிப்பு மூன்று இடத்தில் வருகிறது. நலம் விசாரிப்பு தனியாக இடம் பிடித்திருக்கிறது. நலம் விசாரிப்பது கடிதத்துக்கு அழகு. ஐம்பது சொல் குறிப்பில் அதற்கு இடமில்லை.

"இனி இப்படி நடக்காது" என்ற உறுதிமொழியும் வேண்டாம். தணிக்கையாளர் எப்போது வருவார் என்பது கவிதாவின் கையில் இல்லை. காப்பாற்ற முடியாத வாக்கைக் கொடுக்காமல், வெள்ளிக்கிழமை பிற்பகல் 3 மணி என்று காப்பாற்றக்கூடிய ஒன்றைச் சொல்வதே நேர்மை.

உடன் வேலை செய்பவருக்கு

வினாவில் பெறுநர் மாறினால் விடையின் குரலும் மாற வேண்டும். கீழே ரேவதி, தன் வயதுத் தோழியும் ஒரே பிரிவில் வேலை செய்பவளுமான செல்விக்கு எழுதுகிறாள்.

செல்வி,

புதன்கிழமை மதியம் 2 மணிக்குச் சேர்ந்து அறிக்கையைப் பார்க்கலாம் என்று சொல்லியிருந்தேன், இல்லையா? அன்று எனக்குப் பல் மருத்துவரிடம் நேரம் கிடைத்திருக்கிறது. இதை விட்டால் இன்னும் இரண்டு வாரம் ஆகும். மன்னித்துக்கொள். வியாழக்கிழமை அதே நேரத்துக்கு வைத்துக்கொள்ளலாமா? என் பகுதியை முடித்துவிட்டேன், உன் மேசையில் வைத்திருக்கிறேன். வேறு நேரம் வேண்டுமென்றால் சொல், நான் மாற்றிக்கொள்கிறேன்.

ரேவதி

இங்கே "வணக்கம்", "நன்றி" இரண்டும் இல்லை. தோழிகளுக்கிடையே அவை விலகலாகத் தோன்றும். "நீ" என்ற அழைப்பு தொடக்கம் முதல் கடைசி வரை மாறாமல் வருகிறது. "மன்னியுங்கள்" என்று ஓரிடத்திலும் "சொல்" என்று இன்னோரிடத்திலும் எழுதினால் யாருக்கு எழுதுகிறீர்கள் என்பதே குழம்பிவிடும். பெறுநரை எப்படி அழைப்பது என்று முதலிலேயே முடிவு செய்துகொண்டு பேனாவை எடுங்கள்.

சந்திப்பு தவறிய பிறகு

இது கொஞ்சம் கடினமான வினா. முன்கூட்டிச் சொல்லாமல் போய்விட்டது, எதிராளி காத்திருந்துவிட்டார். வீட்டு வரைபடம் தயாரிக்கும் சலீம், வாடிக்கையாளருக்கு எழுதுகிறார்.

வணக்கம் மேடம்,

இன்று காலை 11 மணிக்கு நீங்கள் எனக்காகக் காத்திருந்தீர்கள். நான் வரவும் இல்லை, முன்கூட்டிச் சொல்லவும் இல்லை. மிகவும் வருந்துகிறேன். வரும் வழியில் பேருந்து பழுதாகி நின்றுவிட்டது. கைபேசியிலும் சார்ஜ் தீர்ந்துவிட்டது. நாளை, செவ்வாய்க்கிழமை, உங்களுக்கு எந்த நேரம் வசதி? நாள் முழுவதும் என்னால் வர முடியும். திருத்திய வரைபடத்தை இத்துடன் அனுப்பியிருக்கிறேன்.

நன்றி,
சலீம்

கவிதாவின் குறிப்பில் மன்னிப்பு காரணத்துக்குப் பின்னால் வந்தது. சலீமின் குறிப்பில் அது முன்னால் வந்துவிட்டது. ஒருவர் காத்திருந்து நேரம் வீணான பிறகு, அதை ஒப்புக்கொள்ளாமல் பேருந்துக் கதையில் தொடங்கினால் சாக்குச் சொல்வதாகவே படும். என்ன நடந்தது என்பதை எதிராளியின் பக்கத்திலிருந்து முதலில் சொல்லியிருப்பதைப் பாருங்கள்: "நீங்கள் எனக்காகக் காத்திருந்தீர்கள்."

நேரம் கேட்கும் முறையும் வேறு. கவிதா இரண்டு நேரங்களைத் தானே சொன்னாள். சலீம் எந்த நேரத்தையும் சொல்லாமல், நாளை மட்டும் குறிப்பிட்டு, தேர்வை வாடிக்கையாளரிடம் விட்டுவிடுகிறார். தவறு தன் பக்கம் இருக்கும்போது தன் வசதியைப் பேசாமல் இருப்பது பண்பு. அதற்காக "உங்களுக்கு எப்போது வேண்டுமானாலும்" என்று நாளைக்கூடச் சொல்லாமல் விடக் கூடாது. அது பொறுப்பை எதிராளியின் தலையில் வைப்பதாகிவிடும்.

பதிலும் உறுதிப்படுத்தலும்

சில தேர்வுகளில் அடுத்த பகுதியாகப் பதில் எழுதச் சொல்வார்கள். முருகேசனின் பதில்:

கவிதா,

பரவாயில்லை. வெள்ளிக்கிழமை 3 மணி எனக்குச் சரி. கிடங்குக்கே வந்துவிடுங்கள், சரக்கைப் பார்த்துக்கொண்டே பேசலாம். பட்டியலை எதிர்பார்க்கிறேன்.

முருகேசன்

அதற்குக் கவிதா:

நன்றி சார். வெள்ளிக்கிழமை பிற்பகல் 3 மணிக்குக் கிடங்குக்கு வந்துவிடுகிறேன். பட்டியலை இப்போது அனுப்பியிருக்கிறேன்.

கவிதா

இடம் மாறியதால் கவிதா அதைத் திரும்பச் சொல்கிறாள். நாள், நேரம், இடம் மூன்றும் ஒரே வாக்கியத்தில். முதல் குறிப்பில் இடத்தைப் பற்றிப் பேசாததற்குக் காரணம், அப்போது இடம் மாறவில்லை. மாறாததைச் சொல்ல வேண்டியதில்லை; மாறியதைச் சொல்லாமல் விடக் கூடாது.

பயிற்சி

உங்கள் பெயர் தேவி. திங்கட்கிழமை மாலை 5 மணிக்கு உங்கள் மகனின் வகுப்பாசிரியரைப் பள்ளியில் சந்திப்பதாக இருந்தது. அன்று அலுவலகத்தில் இரவு வரை வேலை என்று வெள்ளிக்கிழமை சொல்லிவிட்டார்கள். ஆசிரியருக்கு ஒரு குறிப்பு எழுதுங்கள். வருத்தம் தெரிவித்து, காரணம் சொல்லி, அடுத்த வாரத்தில் வேறு நாள் கேளுங்கள். ஆசிரியர் வகுப்பு நேரத்தில் யாரையும் சந்திக்க முடியாது என்பதை நினைவில் கொள்ளுங்கள். சுமார் 50 சொற்கள். நேரம் 15 நிமிடம்.