பதில்: பிள்ளையார் நோன்பு வாழ்த்து

அன்புள்ள தம்பி நாச்சியப்பனுக்கும் வீட்டாருக்கும்,

நலம். நீங்களும் பினாங்கில் எல்லோரும் நலமாக இருக்க வேண்டும்.

நோன்புக்கு மறுநாள் காலையில் உங்கள் வாழ்த்து வந்தது. கண்ணாடியைத் தேடி எடுத்துப் படித்து முடிப்பதற்குள் ஆத்தா, "யாருடா, என்ன எழுதியிருக்காக?" என்று மூன்று தரம் கேட்டுவிட்டார்கள். உரக்கப் படித்துக் காட்டினேன். "என்னை உங்களுக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை" என்று எழுதியிருந்தீர்கள் அல்லவா, அந்த இடத்தில் ஆத்தாவுக்குக் கோபமே வந்துவிட்டது. "ரஜுலா கப்பல்ல போனாகளே, அவுக பேரன். இதுல தெரியாம இருக்க என்ன இருக்கு?" என்றார்கள். உங்கள் ஐயா நாகப்பட்டினத்தில் கப்பலேறிய கதையை அன்று மத்தியானம் முழுக்கக் கேட்டோம். உங்கள் அப்பத்தாவுக்கு டிரங்குப் பெட்டி நிறைய மாவுருண்டையும் சீப்புச் சீடையும் கட்டிக் கொடுத்தது ஆத்தாதானாம். பெட்டியின் நிறம்கூட நினைவிருக்கிறது. எனக்கு நேற்று என்ன சாப்பிட்டேன் என்பது நினைவில்லை.

அதனால் "மதிப்பிற்குரிய ஐயா" எல்லாம் வேண்டாம் தம்பி. அண்ணன் என்றே எழுதுங்கள். உங்கள் ஐயாவும் எங்கள் ஐயாவும் ஒரே வளவில் பிறந்து வளர்ந்த பங்காளிகள். கடல் குறுக்கே கிடந்ததால் போக்குவரத்து விட்டுப்போயிற்று, அவ்வளவுதான்.

இங்கே நோன்பு நல்லபடியாக நடந்தது. இந்த முறை சென்னையிலிருந்து சின்னவன் குடும்பம் வந்திருந்ததால் வீடு நிறைந்திருந்தது. பட்டாலையில் உங்கள் அண்ணமிண்டி கோலம் போட்டு, நடுவில் பிள்ளையாரை வைத்து, ஆவாரம்பூ சாற்றினார்கள். ஆவாரம்பூவுக்கு முன்பெல்லாம் கொல்லைப்பக்கம் போனால் போதும், இப்போது அதையும் சந்தையில் விலைக்கு வாங்குகிறோம். நெல்பொரி, கம்புப் பொரி, சோளப் பொரி, எள்ளுப் பொரி, கருப்பட்டிப் பணியாரம் எல்லாம் உண்டு. பணியாரம் மட்டும் இரவு பத்து மணி தாண்டி ஒன்றுகூட மிஞ்சவில்லை.

உங்கள் வீட்டில் அவர்கள் இழை எடுப்பது எப்படி என்று விவரம் கேட்டதாக எழுதியிருந்தீர்கள். பெரிய வித்தையில்லை. திருக்கார்த்திகையிலிருந்து இருபத்தொரு நாள் கணக்கு. மார்கழியில் சஷ்டியும் சதயமும் கூடுகிற நாளில் நோன்பு வரும். புதுத்துணியிலிருந்து எடுத்த நூல் இருபத்தொன்றைச் சேர்த்து ஒரு திரி. பச்சரிசி மாவு, வெல்லம், நெய் மூன்றையும் பிசைந்து, சிறிய பிள்ளையாராகப் பிடித்து, அதில் திரியை நெய்யில் நனைத்து வைத்து ஏற்ற வேண்டும். வீட்டில் மூத்தவர் எடுத்துக் கொடுக்க, ஒவ்வொருவராக வந்து வாங்கி, சுடரோடு அப்படியே வாயில் போட்டுக்கொள்ள வேண்டியதுதான். மாவு தளர்ந்து போகாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள், இல்லையென்றால் பிள்ளையார் சாய்ந்துவிடுவார். பிள்ளைகள் பயப்படுவார்கள். முதலில் பெரியவர்கள் எடுப்பதைப் பார்க்க விட்டால் அடுத்த நிமிடம் தாங்களே கையை நீட்டிவிடுவார்கள். என் பேத்தி இந்த வருடம் இரண்டாவது இழையும் கேட்டு அழுதாள். வயிற்றில் பிள்ளை இருக்கிறவர்களுக்குத்தான் அது என்று சொல்லி அடக்கினோம்.

கடலில் புயலில் மாட்டிக்கொண்ட நம் முன்னோர் பிள்ளையாரை நினைத்து நாள் எண்ணியதில் தொடங்கியது இந்த நோன்பு என்று சொல்வார்கள். அப்படியிருக்க, கடல் தாண்டிப் போன வீட்டில் இது நின்றுபோகக் கூடாது. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் நகரத்தார் ஓரிடத்தில் கூடி இழை எடுக்கிறார்கள். அடுத்த கார்த்திகையிலேயே அங்கே பெரியவர்களிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். தனியாக வீட்டில் எடுத்தாலும் தப்பில்லை.

நமக்கு எந்தக் கோயில் என்று கேட்டிருந்தீர்கள். இரணியூர். இதைப் பையனுக்கும் பெண்ணுக்கும் இப்போதே சொல்லி வையுங்கள். நாளைக்குச் சம்பந்தம் பேச உட்கார்ந்தால் முதல் கேள்வியே அதுதான். ஒரே கோயில்காரர்கள் பங்காளி முறை. இரணியூரும் பிள்ளையார்பட்டியும் சகோதரக் கோயில்கள் என்பதால் பிள்ளையார்பட்டிக்காரர்களுடனும் நாம் கொள்வினை கொடுப்பினை வைத்துக்கொள்வதில்லை. மற்றபடி, உங்கள் கல்யாணத்துக்குக் கோயில் மாலை வந்ததா, கோயில் கணக்கில் உங்கள் குடும்பம் புள்ளியாகப் பதிந்திருக்கிறதா என்று உங்கள் ஆத்தாவிடம் கேட்டு எழுதுங்கள். பதியாமல் இருந்தால் என்ன செய்ய வேண்டும் என்று கோயிலில் நான் விசாரிக்கிறேன். அதில் சுணக்கம் வேண்டாம், பிள்ளைகளின் கல்யாணத்தின்போது அலைவதைவிட இப்போதே முடித்துவிடுவது நல்லது.

வீடு இருக்கிறதா என்று தயங்கித் தயங்கிக் கேட்டிருக்கிறீர்கள். இருக்கிறது. முழுதாக இருக்கிறது என்று சொன்னால் பொய். இரண்டாம் கட்டில் மழைக்கு ஒரு பக்கம் ஓடு இறங்கிவிட்டது. பங்காளிகள் எட்டு இடத்தில் இருக்கிறார்கள், எல்லோரும் சேர்ந்து ஒரு முடிவுக்கு வருவதற்குள் அடுத்த மழை வந்துவிடுகிறது. ஆனால் முகப்பும் பட்டாலையும் கல்லுக்கல்லாய் நிற்கின்றன. பர்மாத் தேக்குத் தூணில் கை வைத்துப் பார்த்தால் வயதே தெரியாது. ஆத்தங்குடிக் கல் சில இடங்களில் நிறம் மங்கியிருக்கிறது, இந்தத் தை பிறந்ததும் பெயர்ந்ததை மட்டும் மாற்றலாம் என்றிருக்கிறோம். சுவரில் சுண்ணாம்பு பெயர்ந்தால் சிமெண்ட் பூசாதீர்கள் என்று கொத்தனாரிடம் சண்டை போடுவதே எனக்கு இப்போது முழுநேர வேலை.

உங்கள் புள்ளிக்கு உரிய உள்வீடு வலப்பக்கம் மூன்றாவது. பூட்டித்தான் இருக்கிறது, சாவி எங்களிடம். வருடத்துக்கு ஒருமுறை பொங்கலுக்கு முன் திறந்து, ஒட்டடை அடித்துக் கழுவி விடுகிறோம். உள்ளே இரண்டு பித்தளைக் குடமும் ஒரு ஊஞ்சல் பலகையும் உங்கள் அப்பத்தாவின் சாமான் பெட்டியும் இருக்கின்றன. பெட்டியை நாங்கள் திறந்ததில்லை. நீங்கள் வந்து திறப்பதுதான் முறை.

கட்டாயம் வாருங்கள். கோலாலம்பூரிலிருந்து திருச்சிக்கு நேராக விமானம் இருக்கிறது. திருச்சிக்கு வண்டி அனுப்புகிறேன், இரண்டு மணி நேரத்தில் கோட்டையூர் வந்துவிடலாம். வெயில் காலம் வேண்டாம், பிள்ளைகள் வாடிவிடுவார்கள். தை, மாசி உத்தமம். ஆத்தாவுக்கு வயது தொண்ணூறைத் தொட்டுவிட்டது, அதை நான் சொல்லி நீங்கள் புரிந்துகொள்ள வேண்டியதில்லை. வரும்போது எதுவும் வாங்கி வர வேண்டாம். அண்ணமிண்டி மட்டும் ஜாதிக்காய் மிட்டாய் கிடைக்குமா என்று கேட்கச் சொல்கிறார்கள், நான் கேட்கவில்லை.

தைப்பூசம் வருகிறது. குன்றக்குடியிலிருந்து பழனிக்குக் காவடியோடு கிளம்புகிறவர்களை வழியனுப்ப நான் போவேன். முழங்கால் இப்போது அதற்குமேல் விடுவதில்லை. அங்கே வெள்ளி ரதம் தண்ணீர்மலைக்குப் போகும்போது எங்கள் எல்லோருக்குமாக ஒரு தேங்காய் உடைத்துவிடுங்கள்.

உங்கள் வாட்ஸ்அப் எண்ணை அனுப்புங்கள், நோன்புப் படங்கள் சின்னவன் போனில் இருக்கின்றன. பிள்ளைகளின் பெயரையும் நட்சத்திரத்தையும் சேர்த்து எழுதுங்கள், ஆத்தா கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கூப்பிட்டால் ஆத்தா விழித்திருப்பார்கள். கொஞ்சம் உரக்கப் பேசுங்கள்.

பொங்கல் வாழ்த்தையும் இதிலேயே சொல்லிவிடுகிறேன்.

அன்புடன்,
அண்ணன் சொக்கலிங்கம்
கோட்டையூர்