துறுதுறு தும்பி!

நம் பள்ளி அறிவியல் மன்றத்தின் செல்லச் சின்னத்துக்குப் பெயர் வைத்தாயிற்று: துறுதுறு தும்பி!

நீங்கள் மைதானத்தில் துரத்துகிற அதே தட்டான்தான். (வாலில் நூல் கட்டாதீர்கள், பாவம்.) நான்கு இறக்கைகளையும் தனித்தனியாக அசைக்கும், பின்பக்கமாகவும் பறக்கும். பெரிய கண் ஒவ்வொன்றிலும் ஆயிரக்கணக்கான குட்டிக் கண்கள்! சின்னதாக இருக்கும்போது குளத்துத் தண்ணீருக்குள் கொசுப்புழுக்களைத் தின்று வளரும்.

வெள்ளிக்கிழமை மன்றம் தொடங்கும்போது ஐந்தாம் வகுப்பு அக்கா, அண்ணன்கள் கேட்பார்கள். ஒன்றாம், இரண்டாம் வகுப்புக் குட்டிகள் கைதட்டிப் பதில் சொல்ல வேண்டும், சரியா?

துறுதுறு தும்பி, தூரம் போனாயா?
குளக்கரை போனேன், கொசுவைத் தின்றேன்!

துறுதுறு தும்பி, திரும்பி வந்தாயா?
ஏன் ஏன் என்று கேட்க வந்தேன்!

துறுதுறு தும்பி!
துறுதுறு தும்பி!