புதிய சப்ளையர் சேர்க்கை: உள்தணிக்கை அறிக்கை

பெறுநர்: நிர்வாக இயக்குநர்
இடம்: கானாடுகாத்தான் விடுதி
காலம்: ஏப்ரல் முதல் செப்டம்பர் 2025 வரை
மதிப்பீடு: திருப்தி இல்லை

இந்த ஆறு மாதத்தில் சேர்ந்த 38 சப்ளையர்களில் 15 பேரின் கோப்புகளைப் பார்த்தேன். புதிதாகச் சேர்க்கும்போது ஓரளவு கவனமாகத்தான் இருக்கிறோம். சேர்த்த பிறகு கணக்கு எண்ணை மாற்றும்போதுதான் கோட்டை விடுகிறோம்.

வங்கி விவரம்

13 கோப்புகளில் கேன்சல் செய்த காசோலை இருக்கிறது. இரண்டில் வெறும் கையெழுத்துச் சீட்டு.

பெரிய குறை ஆத்தங்குடி கல் தருபவர் விஷயத்தில். ஆகஸ்ட் 12 அன்று "கணக்கு மாறியிருக்கு" என்று புது எண்ணிலிருந்து வாட்ஸ்அப் வந்தது. கணக்கர் அந்தப் புது எண்ணுக்கே போன் போட்டு உறுதி செய்துகொண்டார். டேலியில் மாற்றியதும் ஒப்புதல் தந்ததும் ஒரே லாகின். மறுநாள் ரூ.1,86,400 போய்விட்டது.

பட்டறைக்கு நேரில் போனேன். கண்ணாடிமேல் சாயக் கலவையை ஊற்றிக்கொண்டிருந்தவர், கையைத் துடைத்துவிட்டுப் பாஸ்புக்கை எடுத்துக் காட்டினார். கணக்கு அவர் மனைவி பெயரில், பணம் சேர்ந்திருந்தது. நல்ல காலம், அவ்வளவுதான். நெஃப்டில் பணம் சேர்வது கணக்கு எண்ணை வைத்துத்தான், பெயரை வைத்து அல்ல. பணம் அனுப்புமுன் பெயரைப் பார்க்கும் வசதியை 2025 ஏப்ரலுக்குள் வங்கிகள் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி சொல்லியிருந்தது. நம் கணக்குப் பிரிவு அதை ஒருமுறைகூடத் திறக்கவில்லை. பில் கணவர் பெயரிலும் பணம் மனைவி கணக்கிலும் என்றால், அவரிடம் கடிதமும் வாங்கியிருக்க வேண்டும்.

உறவு அறிவிப்பு

"நெருங்கிய உறவினர் சப்ளையராக உள்ளனரா?" என்ற கேள்விக்குக் கொள்முதலில் தொடர்புள்ள 9 பேரும் "இல்லை" என்று எழுதியிருக்கிறார்கள். நம் ஊரில் இதை யார் நம்புவார்கள்? தேவகோட்டை மளிகைக் கடையில் கல்லாவுக்குப் பின்னால் ஒட்டியிருந்த கல்யாணப் பத்திரிகையில், நம் கொள்முதல் பொறுப்பாளரின் பெயர் இருந்தது. கேட்டதற்கு, "சகலைதானே சார், ரத்த சொந்தம் இல்லையே" என்றார். மறைத்ததாக நான் நினைக்கவில்லை. படிவம்தான் மொட்டையாகக் கேட்கிறது. அந்தக் கடை விலையும் வெளி விலையைவிட அதிகமில்லை. ஆனால் வேறு யாரிடமும் கொட்டேஷன் வாங்கவில்லை.

பங்காளி, மாமன் மச்சான், சம்பந்தி, சகலை என்று படிவத்தில் பெயர் சொல்லியே கேட்க வேண்டும். உறவு இருந்தால் வாங்கக் கூடாது என்பதில்லை. விலையை முடிவு செய்வது வேறொருவராக இருக்க வேண்டும்.

அங்கீகரித்த பட்டியல்

212 பெயர்கள். 31 பேரிடம் இரண்டு வருடமாக எதுவும் வாங்கவில்லை. ஒரே ஜிஎஸ்டி எண்ணில் ஒரே ஆள், மூன்று எழுத்துக்கூட்டலில். ஒருவர் பார்ட்னர்ஷிப் என்று எழுதியிருக்கிறார். பான் எண்ணின் நான்காவது எழுத்தோ தனிநபருக்கு உரிய P. பட்டியலில் இல்லாத இருவருக்கு ஆவணிக் கல்யாண அவசரத்தில் நான்கு ஆர்டர் போயிருக்கிறது.

செய்ய வேண்டியவை

கணக்கு மாற்றம் கேட்டால், கோப்பில் உள்ள பழைய எண்ணுக்கு அழைத்து, ஒரு ரூபாய் அனுப்பி, பெயர் பார்த்த பிறகே மாற்றம். இரண்டு லாகின் கட்டாயம் (கணக்கு மேலாளர், நவம்பர் 15). புதிய படிவம் (மனிதவளம், நவம்பர் 30). பட்டியல் சுத்தம் (கொள்முதல், டிசம்பர் 31). மளிகைக்கு மூன்று கொட்டேஷன் வரும்வரை தேவகோட்டைக் கடைக்குப் புது ஆர்டர் வேண்டாம்; இதற்கு மட்டும் தங்கள் ஒப்புதல் இந்த வாரமே தேவை.

உள்தணிக்கையாளர்
அக்டோபர் 27, 2025