நாற்பது ஆன ஆறாம் நம்பர்காரிக்கு

ரேவதி, பிறந்தநாள் வாழ்த்துகள்டி! நாற்பது. புடவையும் கேக்கும் மற்றவர்கள் தருவார்கள். நான் உன் விதி எண்ணை விளக்கி எழுதித் தருகிறேன். செலவில்லாத பரிசுதான், ஆனால் ராத்திரி உட்கார்ந்து கணக்குப் போட்டிருக்கிறேன், மரியாதையாக முழுசும் படி.

உன் பிறந்த தேதி 17-10-1986. எல்லா இலக்கங்களையும் கூட்டினால் 1+7+1+0+1+9+8+6 = 33. அப்புறம் 3+3 = 6. அதுதான் உன் விதி எண். நம்மூர்க் கணக்கில் ஆறுக்கு அதிபதி சுக்கிரன். நீ பிறந்த அன்றைக்குக் கிழமை என்ன தெரியுமா? வெள்ளி! பழைய காலண்டரைப் பார்த்துவிட்டேன். சுக்கிரன் உன்னை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருக்கிறார்.

சுக்கிரன் என்றால் பட்டு, நகை, வாசனைத் திரவியம், வாகன யோகம் என்று எண் கணிதக்காரர்கள் அடுக்கிக்கொண்டே போவார்கள். வாகன யோகம் என்றதும், சீட் கிழிந்து டேப் ஒட்டிய உன் ஸ்கூட்டிதான் கண் முன்னால் வந்தது. சரி, அந்தப் பகுதி இன்னும் வந்து சேரவில்லை என்று வைத்துக்கொள்வோம்.

ஆனால் ஆறுக்குச் சொல்லும் இன்னொரு பலன் இருக்கிறதே, அது உன்னைப் பார்த்தே எழுதியது மாதிரி இருக்கிறது. வீட்டையும் சுற்றத்தையும் தாங்குவார்கள், சண்டையைத் தீர்த்துவைப்பார்கள், கேட்காமலே உதவிக்கு வந்து நிற்பார்கள். ஹாஸ்டலில் எவளுக்குக் காய்ச்சல் வந்தாலும் வார்டனுக்கு முன்னால் உனக்குத் தெரிந்துவிடும். மின்சாரக் கெட்டிலில் மிளகு ரசம் வைத்த வேறு யாரையும் எனக்குத் தெரியாது. என் தங்கை கல்யாணத்துக்கு விருந்தாளியாக வந்தவள், இரண்டாவது பந்தியில் சாம்பார் வாளியோடு நின்றாயே! சமையல் மாஸ்டர் என்னிடம் வந்து, "அந்தம்மா யாரோட ஆளு? நல்லா வேலை செய்றாங்க" என்று விசாரித்தார்.

உலகத்தில் ஏறக்குறைய ஒன்பதில் ஒருவருக்கு இந்த எண்தான் வருமாம். அத்தனை பேரும் உன்னை மாதிரி இருந்திருந்தால் ஒரு பயல் பசியோடு தூங்கமாட்டான். அதனால் எண்ணுக்கு முழுப் பெருமையும் கொடுக்க எனக்கு மனசில்லை. பாதி உன்னுடையது.

ஆறின் குறைகளையும் சொல்லியாக வேண்டும். 'முடியாது' என்ற சொல் வாயில் வராது. அடுத்தவர் விஷயத்தில் அக்கறை கொஞ்சம் வழிந்து ஓடும். போன தடவை வந்தபோது எங்கள் வீட்டு மளிகை டப்பாக்களுக்கெல்லாம் லேபிள் ஒட்டிவிட்டுப் போனாய். இன்றுவரை என் மாமியார் 'கடுகு' என்று எழுதிய டப்பாவில்தான் வெந்தயம் வைக்கிறார். வேண்டுமென்றே.

33-ஐ மேலும் கூட்டக் கூடாது, அது மாஸ்டர் எண், உலகத்துக்கே பாடம் சொல்லப் பிறந்தவர்களின் எண் என்று மேல்நாட்டு எண் கணிதக்காரர்கள் சிலர் சொல்வார்கள். இதை உன் வீட்டுக்காரரிடம் சொல்லாதே. மனுஷன் ஏற்கெனவே பயந்து போயிருக்கிறார்.

இப்போது உன் அம்மாவின் விஷயம். 17 என்றால் 1+7 = 8, எட்டு என்றால் சனி என்று அவர் பட்ட கவலை கொஞ்சமா? வண்டி நம்பர் கூட்டுத்தொகை எட்டு வந்தாலே மாற்றிக் கேட்கிற ஊர் நம்முடையது, அவரைச் சொல்லிக் குற்றமில்லை. யாரோ ஒருவர் பேச்சைக் கேட்டு Revathi-யை Revathy ஆக்கினார். அந்த ஒரு எழுத்தால் பாஸ்போர்ட் எடுக்க நீ எத்தனை அலைச்சல் அலைந்தாய்! நேற்று எழுத்துகளுக்கு எண் போட்டுப் பார்த்தேன். அந்த முறையில் I-க்கும் 1, Y-க்கும் 1. எப்படி எழுதினாலும் மொத்தம் 24, அதாவது ஆறு. அம்மா மாற்றியதில் மாறியது உன் கையெழுத்து மட்டும்தான். இதை இன்றைக்கே அவரிடம் சொல்லிவிடாதே, பண்டிகை நாளில் வேண்டாம்.

இன்னொன்றும் சொல்லலாம் அவரிடம். எண் கணிதத்தில் பெரிய பெயரான கீரோ, 17-ஐ சுக்கிரனின் எட்டுமுனை நட்சத்திரம் என்றுதான் சொல்கிறார். சனியைத் தேடிப் போனாலும் உனக்கு சுக்கிரன்தான் கதவைத் திறக்கிறார்.

இன்றைக்குச் சனிக்கிழமை, அதுவும் புரட்டாசி கடைசிச் சனி. அதனால் பிரியாணி கிடையாது, கேக்கிலும் முட்டை கிடையாது. நான் பதினொரு மணிக்கு வருகிறேன். நீ அடுப்பைப் பற்றவைக்கக் கூடாது. கொலுவுக்குச் சுண்டல்கூட நானே கொண்டுவருகிறேன். உப்பு குறைவு என்று ஒரு வார்த்தை சொன்னாய், டப்பாவோடு திரும்பிவிடுவேன்.