பொருள்: பிளானைக் குறைத்ததும் மறைந்துபோன 8 புரொஜெக்ட் சாட்கள், தயவுசெய்து அழித்துவிடாதீர்கள்

வணக்கம்,

தமிழிலும் எழுதலாம் என்று உங்கள் உதவிப் பக்கத்தில் போட்டிருக்கிறீர்கள், அதனால் தமிழிலேயே எழுதுகிறேன். நான் ஹட்டனில் இருந்து வேலை செய்யும் மொழிபெயர்ப்பாளர். தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றுக்கும் இடையில் செய்கிறேன், எந்த நிறுவனத்திலும் சம்பளத்துக்கு இல்லை. மூன்று வருடமாக மாதம் 12 டொலர் கட்டி உங்கள் சேவையைப் பயன்படுத்தினேன். இங்கே அது ஏறத்தாழ 3,600 ரூபாய். ஜூலையும் ஆகஸ்ட்டும் வேலை குறைவாக இருந்ததால் செப்டம்பர் 1ஆம் திகதி இலவச பிளானுக்கு மாறினேன்.

மாறும்போது வந்த திரையில் இரண்டே விஷயம்தான் இருந்தது: இலவச பிளானில் ஒரே நேரத்தில் 3 புரொஜெக்ட்தான் திறந்து வைக்கலாம், என் கோப்புகள் அப்படியே இருக்கும். சாட்டைப் பற்றி ஒரு வரியும் இல்லை. என்னிடம் 11 புரொஜெக்ட் இருந்தன. 8 மூடப்படும், உள்ளே போய்ப் படிக்கலாம், புதிதாக எழுத முடியாது, அவ்வளவுதான் என்று நினைத்து ஒப்புக்கொண்டேன். அடுத்த நாள் காலையில் பார்த்தால் அந்த 8 புரொஜெக்டிலும் கோப்புகள் மட்டும் இருக்கின்றன, சாட் பகுதி முழுக்க வெறுமை. பழைய அறிவிப்பு மின்னஞ்சல்களில் உள்ள இணைப்பை அழுத்தினாலும் உரையாடல் கிடைக்கவில்லை என்றுதான் வருகிறது.

செப்டம்பர் 3ஆம் திகதி உங்களுக்கு எழுதினேன். உலாவியின் தற்காலிகக் கோப்புகளை அழித்துவிட்டு மறுபடி உள்நுழையுங்கள் என்று பதில் வந்தது. செய்தேன், ஒன்றும் மாறவில்லை. இன்னொரு முறை எழுதியபோதும் எழுத்து மாறாமல் அதே பதில்தான். என் கடிதத்தை யாரும் படிக்கவில்லை என்று அப்போதே தெரிந்துவிட்டது. அதனால் இந்த முறை நானே கண்டுபிடித்ததைச் சேர்த்து எழுதுகிறேன்.

முதலாவது, என் பழைய ஃபோன். போன வாரம் இங்கே மழைக்குக் கரண்ட் போய் டவரும் வேலை செய்யாத இரவில், டேட்டா இல்லாமல் உங்கள் ஆப்பைத் திறந்தேன். ஒரு புரொஜெக்டின் சாட் அப்படியே இருந்தது! ஆறு ஸ்கிரீன்ஷாட் எடுத்தேன், ஏழாவதை எடுப்பதற்குள் சிக்னல் திரும்பி, கண் முன்னாலேயே எல்லாம் காலியானது. அதாவது, உங்கள் சர்வரோடு பேசிய பிறகுதான் ஃபோனில் இருந்ததும் போகிறது. ஆறு படத்தையும் இணைத்திருக்கிறேன்.

இரண்டாவது இதைவிட முக்கியம். அமைப்புகளில் போய் என் தரவு முழுவதையும் தரவிறக்கினேன். மூடப்பட்ட எட்டிலும் இப்படித்தான் இருக்கிறது, இது அவற்றில் ஒன்று:

```json
{
  "project_id": 7,
  "status": "locked",
  "message_count": 412,
  "messages": []
}
```

எண்ணிக்கை 412, செய்திகள் வெறுமை. அழிந்திருந்தால் எண்ணிக்கையும் பூச்சியமாக இருக்க வேண்டாமா? உங்களிடம் அவை இன்னும் இருக்கின்றன, எனக்குக் காட்டாமல் வைத்திருக்கிறீர்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. இல்லை என்றால் இல்லை என்று நேராகச் சொல்லுங்கள்.

கோப்புகள்தான் இருக்கின்றனவே, சாட் போனால் என்ன என்று நீங்கள் கேட்கலாம். என் வேலையில் கோப்பு கடைசி வடிவம் மட்டும்தான். எந்தச் சொல்லை எதற்காகப் போட்டோம் என்பது சாட்டில்தான் இருக்கிறது. அந்த 412 செய்திகள், தேயிலைத் தோட்டங்களில் வேலை செய்து ஓய்வுபெற்ற பெரியவர்களின் நேர்காணல்களை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோன வேலை. அதில் ஒரு பாட்டி 'அன்றைக்கு எனக்கு அரைப்பேர்தான்' என்கிறார். நாள் முழுவதும் மலையில் நின்று பறித்தும் சொன்ன அளவு கிலோ வராவிட்டால் பாதிச் சம்பளம்தான் பதிவார்கள், அதற்குத்தான் அரைப்பேர் என்று பெயர். ஆங்கிலத்தில் அரைநாள் சம்பளம் என்று போட்டால், அவர் அரைநாள்தான் வேலை செய்தார் என்று படிப்பவர் நினைத்துவிடுவார், பொருளே தலைகீழாகிவிடும். இதைப் பற்றி நானும் நேர்காணல் எடுத்தவரும் தலவாக்கலையில் உள்ள ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியரும் நான்கு நாள் பேசி, பாதிப் பெயர் என்ற பொருள் வரும்படியே நேராக வைத்து ஒரு குறிப்பும் போடுவது என்று முடிவெடுத்தோம். கவ்வாத்து, பெரட்டு, இஸ்தோப்பு என்று இப்படி அறுபதுக்கு மேல் தோட்டச் சொற்கள். குறிப்புகளை எழுதுவது இந்த மாத வேலையாக இருந்தது, இப்போது எதைப் பார்த்து எழுதுவது?

அதே சாட்டில் அந்தப் பாட்டியின் பேத்தி அனுப்பிய குரல் பதிவும் இருக்கிறது, மூன்று நிமிடத்துக்குக் கொஞ்சம் கூட. காலையில் ஆட்களைக் கூட்டி வேலை பிரிக்கும் பெரட்டுக் களத்தில் பேர் எப்படிப் போடுவார்கள் என்று பாட்டி தன் வாயாலேயே சொல்லியிருக்கிறார். ஏப்ரலில் அவருக்குப் பக்கவாதம் வந்து பேச்சு தடுமாறுகிறது. மறுபடி கேட்டுப் பதிவு செய்ய வழியில்லை. குரல் பதிவு உங்கள் கோப்புப் பட்டியலில் சேரவில்லை, சாட்டில் மட்டும்தான் இருந்தது. இதை நான் ஃபோனில் தனியாகச் சேமிக்காதது என் தவறு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மூன்று வருடம் பணம் கட்டி வைத்த இடம் பத்திரமானது என்று நம்பினேன்.

பண விஷயமும் ஒன்று இருக்கிறது, சுருக்கமாகச் சொல்கிறேன். இன்னொரு புரொஜெக்டில் வாடிக்கையாளர் கூடுதலாக 6,400 சொற்களுக்குச் சம்மதம் சொன்னது சாட்டில்தான். அவருடைய கணக்குப் பிரிவு இப்போது அந்தச் சம்மதத்தைக் காட்டச் சொல்கிறது.

எனக்கு வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். அந்த 8 சாட்களும் உங்களிடம் இருக்கின்றனவா, இருந்தால் எந்தத் திகதி வரை வைத்திருப்பீர்கள் என்று முதலில் சொல்லுங்கள். தானாக அழியும் ஏற்பாடு ஏதாவது இருந்தால் என் கணக்குக்கு அதை இன்றே நிறுத்தி வையுங்கள், மற்றதெல்லாம் அப்புறம் பேசலாம். பிறகு செய்திகளையும் குரல் பதிவுகளையும் திகதியோடும் எழுதியவர் பெயரோடும் ஒரு கோப்பாக அனுப்புங்கள். எனக்கு மறுபடி எழுதும் வசதி வேண்டாம், படிக்க முடிந்தால் போதும்.

பழைய பிளானுக்குத் திரும்பினால் எல்லாம் வந்துவிடும் என்பதுதான் உங்கள் பதில் என்றால், அதை எழுத்தில் உறுதியாகச் சொல்லுங்கள், ஒரு மாதத்துக்கு 12 டொலர் கட்டத் தயார். உறுதி இல்லாமல் கட்டமாட்டேன். கட்டிய பிறகும் வெறுமையாகவே இருந்தால் நான் யாரிடம் போய்க் கேட்பது? இன்னொன்றும் சொல்ல வேண்டும்: பிளானைக் குறைக்கும் திரையில் சாட் மறையும் என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். அந்த வரி இருந்திருந்தால் அன்றைக்கே உட்கார்ந்து எல்லாவற்றையும் இறக்கி வைத்துவிட்டுத்தான் மாறியிருப்பேன்.

குறிப்புகளை செப்டம்பர் 19ஆம் திகதி ஒப்படைக்க வேண்டும். ஆகவே 12ஆம் திகதி வெள்ளிக்கிழமைக்குள், இதை உண்மையிலேயே படித்த ஒருவரிடம் இருந்து பதில் எதிர்பார்க்கிறேன். தொலைபேசியில் பேசுவதானால் காலை பத்து மணிக்கு முன் கூப்பிடுங்கள், மதியத்துக்குப் பிறகு மழை வந்தால் இங்கே லைன் நிற்காது. என் எண் கணக்கு விபரத்தில் இருக்கிறது.

நன்றி,
தமயந்தி
ஹட்டன்
2025 செப்டம்பர் 9