ஆய்வு முறைகள்: எலிக் கல்லீரலிலிருந்து பிரித்த மைட்டோகாண்ட்ரியா வெவ்வேறு வெப்பநிலைகளில் எவ்வளவு நேரம் குலையாமல் இருக்கிறது?

திசு

எட்டு முதல் பத்து வார வயதுள்ள ஆறு ஆண் விஸ்டார் எலிகளைப் பயன்படுத்தினோம். நிறுவனத்தின் விலங்கு நெறிக் குழு இந்த ஆய்வுக்கு முன்னரே ஒப்புதல் அளித்திருந்தது. கிளைகோஜன் மிகுந்த கல்லீரலில் அதன் துகள்கள் மைட்டோகாண்ட்ரியாவுடன் சேர்ந்து படிந்துவிடும். அதனால் முந்தைய இரவு எலிகளுக்கு உணவு தரவில்லை. தண்ணீர் மட்டும் வைத்திருந்தோம். ஐசோஃப்ளூரேனால் ஆழ்ந்த மயக்கத்துக்கு உட்படுத்தித் தலையை நீக்கிய உடனே கல்லீரலை எடுத்து, பனிக்கட்டியில் குளிரவைத்த பிரிப்புக் கரைசலில் இட்டோம்.

தாங்கல் கரைசல்கள்

பிரிப்புக் கரைசலில் 250 மில்லிமோலார் சுக்ரோஸ், 10 மில்லிமோலார் ட்ரிஸ், 1 மில்லிமோலார் ஈஜிடிஏ ஆகியவை இருந்தன. ஒரு லிட்டருக்கு 85.6 கிராம் சுக்ரோஸும் 1.21 கிராம் ட்ரிஸும் எடுத்து, சுமார் 900 மி.லி. காய்ச்சி வடித்த நீரில் கரைத்தோம். ஈஜிடிஏ நடுநிலை நீரில் எளிதில் கரையாது. எனவே அதைச் சோடியம் ஹைட்ராக்சைடு சேர்த்து 100 மில்லிமோலார் கரைசலாகத் தனியே தயாரித்து வைத்துக்கொண்டு, அதிலிருந்து 10 மி.லி. சேர்த்தோம்.

பிஎச் 7.4-ஐ அறை வெப்பநிலையில் சரிசெய்யவில்லை. கரைசலை 4 °செ.க்குக் குளிரவைத்து, அதே வெப்பநிலையில் அளவீடு சரிபார்த்த பிஎச் மானியைக் கொண்டு, ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைத் துளித்துளியாகச் சேர்த்துச் சரிசெய்தோம். ஒவ்வொரு டிகிரி உயர்வுக்கும் ட்ரிஸ் கரைசலின் பிஎச் ஏறக்குறைய 0.03 குறைகிறது. ஆகவே 25 °செ.இல் 7.4 எனக் காட்டும் கரைசல் குளிரறையில் 8.0-ஐ ஒட்டி நிற்கும். இதே சோதனையைத் திரும்பச் செய்பவர்கள் இந்த ஒரு படியைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். பிஎச் சரியான பிறகு கரைசலை ஒரு லிட்டராக்கி, 0.22 மைக்ரோமீட்டர் வடிகட்டியில் வடித்து, ஒரு வாரத்துக்குள் பயன்படுத்தினோம். சுக்ரோஸ் கரைசலில் நுண்ணுயிர்கள் விரைவில் பெருகும் என்பதால் அதற்கு மேல் வைத்திருக்கவில்லை.

அரைக்கும்போதும் முதல் சுழற்சியின்போதும் மட்டும் இக்கரைசலில் கொழுப்பமிலம் நீக்கிய மாட்டுச் சீர அல்புமினை 0.2 சதவீதம் சேர்த்தோம். செல்கள் உடையும்போது வெளிப்படும் கொழுப்பமிலங்கள் மைட்டோகாண்ட்ரியாவின் உட்சவ்வைப் பாதிக்கின்றன; அல்புமின் அவற்றைப் பற்றிக்கொள்கிறது.

அடைகாப்புக் கரைசலில் 125 மில்லிமோலார் பொட்டாசியம் குளோரைடு, 10 மில்லிமோலார் ஹெப்பெஸ், 2 மில்லிமோலார் பொட்டாசியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட், 1 மில்லிமோலார் மக்னீசியம் குளோரைடு, 0.1 மில்லிமோலார் ஈஜிடிஏ ஆகியவை இருந்தன. மூன்று வெப்பநிலைகளை ஒப்பிடும் சோதனை என்பதால் இங்கு ட்ரிஸைத் தவிர்த்தோம். ஹெப்பெஸின் பிஎச் வெப்பநிலையோடு மாறும் அளவு ட்ரிஸில் காண்பதில் பாதிதான். அந்தப் பாதியையும் விட்டுவைக்க விரும்பாமல் கரைசலை மூன்று பங்காக்கி, ஒவ்வொன்றையும் அது பயன்படவிருக்கும் வெப்பநிலையிலேயே பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கொண்டு 7.2-க்குக் கொண்டுவந்தோம்.

அரைத்தலும் மையவிலக்கலும்

எல்லா வேலைகளும் 4 °செ.இல் நடந்தன. கல்லீரலில் 4 கிராம் நிறுத்து, கத்தரிக்கோலால் பொடியாக நறுக்கி, கழுவிய கரைசல் தெளிவாகும் வரை இரத்தத்தைக் கழுவி நீக்கினோம். பின்னர் 40 மி.லி. கரைசலில், கண்ணாடிக் குழாயும் டெஃப்லான் உலக்கையும் கொண்ட அரைப்பானில், நிமிடத்துக்கு 500 சுற்று வேகத்தில் ஆறு முறை ஏற்றி இறக்கி அரைத்தோம். உலக்கையை வேகமாக மேலே இழுத்தால் அடியில் வெற்றிடம் உண்டாகி மைட்டோகாண்ட்ரியா உடையும். ஆதலால் ஒவ்வொரு ஏற்றமும் மெதுவாகவே இருந்தது.

எதிரெதிர்க் குழாய்களின் எடை வேறுபாடு 0.1 கிராமுக்குள் இருக்குமாறு சமன்செய்து, நிலைக்கோணச் சுழலியில் 600 × g விசையில் 10 நிமிடம் சுழற்றினோம். எங்கள் சுழலியின் அதிகபட்ச ஆரம் 10.8 செ.மீ. கீழ்க்காணும் சமன்பாட்டின்படி 600 × g என்பது நிமிடத்துக்கு 2,230 சுற்றுக்கும், அடுத்து வரும் 7,000 × g என்பது 7,610 சுற்றுக்கும் சமம். விசை RCF g-இன் மடங்குகளில், ஆரம் r செ.மீ.இல், வேகம் N நிமிடச் சுற்றுகளில்:

```
RCF = 1.118 × 10⁻⁵ × r × N²
```

வேறு சுழலி வைத்திருப்பவர்கள் விசையையே பின்பற்ற வேண்டும். சுற்று எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது.

உட்கருக்களும் உடையாத செல்களும் அடியில் படிந்தன. மேலே மிதந்த வெண்கொழுப்புப் படலத்தைப் பிப்பெட்டால் உறிஞ்சி அகற்றிவிட்டு, மேல்தெளிவைப் புதுக் குழாய்களுக்கு மாற்றி, 7,000 × g விசையில் 10 நிமிடம் சுழற்றினோம். இப்போது கிடைக்கும் பழுப்பு நிறப் படிவின் மேல் வெளிறிய, தளர்வான ஓர் அடுக்கு இருக்கும். சேதமடைந்த மைட்டோகாண்ட்ரியாவும் நுண்சவ்வுத் துணுக்குகளும் அதில்தான் இருக்கின்றன. அதை நீக்காமல் விட்டால், பின்னர் அளக்கவிருக்கும் நொதிக் கசிவின் தொடக்க அளவு உயர்ந்துவிடும். குழாயைச் சாய்த்து, அல்புமின் இல்லாத கரைசலில் 1 மி.லி.யை ஓரமாக வழியவிட்டு மென்மையாகச் சுழித்து அந்த அடுக்கை மட்டும் கழித்தோம். எஞ்சிய படிவை அதே கரைசலில் கலக்கி, அதே விசையில் இருமுறை கழுவினோம். இறுதிப் படிவை 1 மி.லி. கரைசலில், நுனி வெட்டி அகலமாக்கிய பிப்பெட் முனையால் கலக்கிப் பனிக்கட்டியில் வைத்தோம்.

புரத அளவு

பிராட்ஃபோர்டு முறையில், 0.1 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடில் கரைத்த மாதிரிகளை 595 நானோமீட்டரில் அளந்தோம். ஒப்பீட்டுக்கான அல்புமின் கரைசல்களையும் அதே காரத்திலேயே தயாரித்தோம்.

அடைகாப்பு

மூன்று 25 மி.லி. கூம்புக் குடுவைகளில் அடைகாப்புக் கரைசலை 4, 25, 37 °செ. வெப்பநிலைகளில் 15 நிமிடம் முன்கூட்டியே வைத்து, பிறகு மி.லி.க்கு 1 மில்லிகிராம் புரதம் வரும்படி மைட்டோகாண்ட்ரியாவைச் சேர்த்தோம். ஒவ்வொன்றிலும் மொத்தக் கனஅளவு 4 மி.லி. சேர்த்த நொடியே பூஜ்ஜிய நேரம். ஆக்சிஜன் குறையாமல் இருக்கவும் துகள்கள் படியாமல் இருக்கவும் நிமிடத்துக்கு 60 முறை மெல்ல அசைத்தோம். 4 °செ. குடுவை குளிரறையிலும் மற்ற இரண்டும் நீர்த்தொட்டிகளிலும் இருந்தன.

0, 30, 60, 120 நிமிடங்களில் 500 மைக்ரோலிட்டர் எடுத்தோம். அதில் 300 மைக்ரோலிட்டரை உடனே 10,000 × g விசையில் 4 °செ.இல் 5 நிமிடம் சுழற்றி, படிவைத் தொடாமல் மேலிருந்து 250 மைக்ரோலிட்டரைப் பிரித்தோம். 100 மைக்ரோலிட்டரை மொத்தச் செயல்திறனுக்காக ஒதுக்கினோம்.

சிட்ரேட் சின்தேஸ் அளவீடு

இந்நொதி மைட்டோகாண்ட்ரியாவின் உள்ளறையில் இருப்பது. உட்சவ்வு உடைந்தால்தான் வெளியேறும். குலைவை அளக்க இதைத் தேர்ந்ததற்கு அதுவே காரணம். 1 மி.லி. வினைக்கலவையில் 100 மில்லிமோலார் ட்ரிஸ், 0.1 மில்லிமோலார் டிடிஎன்பி, 0.3 மில்லிமோலார் அசிட்டைல் கோஎன்சைம்-ஏ, 0.1 சதவீதம் ட்ரைட்டன் எக்ஸ்-100 ஆகியவை இருந்தன. பிஎச் 30 °செ.இல் 8.1. மேல்தெளிவில் 100 மைக்ரோலிட்டரும் மொத்த மாதிரியில் 20 மைக்ரோலிட்டரும் சேர்த்து, ஒவ்வொன்றையும் இருமுறை அளந்தோம்.

முதலில் ஆக்சலோஅசிட்டேட் இல்லாமல் 412 நானோமீட்டரில் 2 நிமிடம் பதிவுசெய்தோம். மாதிரியிலுள்ள தயோல்களும் டிடிஎன்பியோடு வினைபுரிந்து மஞ்சள் நிறம் தருவதால் இந்தப் பின்னணி வேகத்தைக் கழிக்க வேண்டும். பிறகு அன்றைக்கே தயாரித்த ஆக்சலோஅசிட்டேட்டை 0.5 மில்லிமோலார் வரும்படி சேர்த்து 3 நிமிடம் பதிவுசெய்தோம். ஒளி உட்கவர்தல் குணகம் மில்லிமோலாருக்கு, செ.மீ.க்கு 13.6, ஒளிப்பாதை 1 செ.மீ.

மேல்தெளிவில் மி.லி. ஒன்றுக்குள்ள செயல்திறனை மொத்த மாதிரியில் மி.லி. ஒன்றுக்குள்ள செயல்திறனால் வகுத்து நூறால் பெருக்கிக் கசிவுச் சதவீதத்தைப் பெற்றோம். பூஜ்ஜிய நேரத்திலேயே கசிவு 10 சதவீதத்தைத் தாண்டிய தயாரிப்பை ஏற்பதில்லை என்று சோதனை தொடங்கும் முன்பே முடிவுசெய்திருந்தோம்.

புள்ளியியல்

முடிவுகளை ஆறு எலிகளின் சராசரி ± திட்ட விலக்கமாகத் தருகிறோம். ஒரே எலியின் இரட்டை அளவீடுகளைத் தனி மாதிரிகளாக எண்ணவில்லை. அவற்றின் சராசரியே ஒரு மதிப்பு. வெப்பநிலை, நேரம் ஆகிய இரண்டின் விளைவையும் மீளளவை இருவழி மாறுபாட்டுப் பகுப்பாய்வால் சோதித்தோம். p < 0.05 இருந்தால் வேறுபாட்டைக் குறிப்பிடத்தக்கதாகக் கொண்டோம்.